பார்க்கத் தெரிந்த சிலிக்கானுக்கு ஒளிரத் தெரியாதது ஏன்?

வீட்டில் இருக்கும் டிவி ரிமோட்டை எடுத்து, செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பட்டனை அழுத்திப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. திரையில் மட்டும் ரிமோட்டின் நுனி வெளிறிய ஊதா நிறத்தில் துடிக்கும். (பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி இருக்கும், அதனால்தான் முன்பக்கம் என்றேன்.) நுனியில் துடிப்பது காலியம் ஆர்சனைடு வகையைச் சேர்ந்த ஒரு சிறு சில்லு. பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் அது ஒளியை உமிழ்கிறது. அந்த ஒளியைப் பிடித்துப் படமாக்குவது கேமராவுக்குள் இருக்கும் சிலிக்கான் சில்லு.

இரண்டும் குறைகடத்திகள்தான். இரண்டிலும் அணுக்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. சிலிக்கானுக்கு ஒளியை உள்வாங்கி மின்சாரமாக்கத் தெரிகிறது. கூரைகளில் இருக்கும் சூரியத் தகடுகளே அதற்குச் சாட்சி. ஆனால் அதே சிலிக்கானில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒளி வருவதில்லை, சூடுதான் வருகிறது. உலகத்தின் கணினிகளெல்லாம் சிலிக்கானில் ஓட, எல்.ஈ.டி. விளக்குகளும் லேசர்களும் மட்டும் வேறு பொருள்களைத் தேடிப் போனதற்குக் காரணம் இந்த ஒருதலைப்பட்சம்தான்.

குறைகடத்தி எப்படி ஒளிர்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். குறைகடத்திக்குள் எலக்ட்ரான்கள் இரண்டு மட்டங்களில் இருக்க முடியும். கீழ்மட்டத்தில் இருப்பவை அணுக்களின் பிணைப்பில் கட்டுண்டவை. மேல்மட்டத்தில் இருப்பவை படிகமெங்கும் சுற்றித் திரிபவை. இடையே எந்த எலக்ட்ரானும் தங்க முடியாத ஓர் ஆற்றல் இடைவெளி உண்டு. சிலிக்கானில் அது 1.12 எலக்ட்ரான் வோல்ட், காலியம் ஆர்சனைடில் 1.42. மின்சாரம் செலுத்தும்போது மேல்மட்டத்துக்கு எலக்ட்ரான்கள் வந்து சேர்கின்றன. கீழ்மட்டத்தில் எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள் உண்டாகின்றன. இவற்றைத் துளைகள் என்பார்கள். மேலிருக்கும் எலக்ட்ரான் கீழே ஒரு துளையில் விழும்போது, இடைவெளி அளவுக்கான ஆற்றலை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். அது ஒரு ஒளித்துகளாக வெளியேறினால் பொருள் ஒளிர்கிறது.

இடைவெளியின் அளவுதான் வித்தியாசத்துக்குக் காரணம் என்று பலர் நினைப்பார்கள். அப்படியல்ல. இண்டியம் ஆர்சனைடின் இடைவெளி வெறும் 0.36, அது நன்றாகவே ஒளிரும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில். காலியம் பாஸ்பைடின் இடைவெளி 2.26, தூய நிலையில் அது ஒளிர்வதில் படுமோசம். அளவு ஒளியின் நிறத்தைத்தான் தீர்மானிக்கும். ஒளி வருமா வராதா என்பது வேறொரு கணக்கு.

அந்தக் கணக்கில் ஆற்றலோடு இன்னொன்றும் வருகிறது: உந்தம். படிகத்துக்குள் ஓடும் எலக்ட்ரானுக்கு ஆற்றலும் உண்டு, உந்தமும் உண்டு. மேலிருந்து கீழே விழும்போது இரண்டு கணக்குகளும் ஒரு சல்லி குறையாமல் நேராக வேண்டும். இயற்பியலாளர்கள் இதை ஒரு வரைபடமாகப் போடுவார்கள். குறுக்கே உந்தம், நெடுக்கே ஆற்றல். அதில் மேல்மட்டம் பள்ளங்கள் கொண்ட ஒரு கோடாகத் தெரியும். கீழ்மட்டம் ஒரு மேடாகத் தெரியும். மேலே வந்த எலக்ட்ரான்கள் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு போன்ற நேரத்துக்குள் உருண்டு, இருப்பதிலேயே ஆழமான பள்ளத்தில் போய்த் தங்கிவிடும். துளைகளோ மேட்டின் உச்சியில் கூடும்.

காலியம் ஆர்சனைடில் ஆழமான பள்ளம் மேட்டின் உச்சிக்கு நேர் மேலே, உந்தம் சுழியமாக இருக்கும் இடத்தில் இருக்கிறது. எலக்ட்ரான் உந்தத்தை மாற்றிக்கொள்ளாமல் நேராகக் கீழே விழலாம். இதுதான் நேரடி இடைவெளி. சிலிக்கானில் துளைகள் கூடும் உச்சி அதே நடுவிடத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஆழமான பள்ளம் ஒதுங்கிப் போய், படிகம் அனுமதிக்கும் உந்தத்தின் எல்லையை நோக்கி ஏறத்தாழ 85 சதவீதத் தூரத்தில் கிடக்கிறது. நடுவிடத்திலும் எலக்ட்ரானுக்கு இடம் உண்டு. ஆனால் அது 3.4 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் எலக்ட்ரான் ஏன் நிற்கப் போகிறது? இதுதான் மறைமுக இடைவெளி.

ஒதுங்கிக் கிடக்கும் பள்ளத்திலிருந்து உச்சியில் இருக்கும் துளைக்கு வர, எலக்ட்ரான் பெரிய அளவு உந்தத்தைக் கைகழுவ வேண்டும். அதை ஒளித்துகளின் தலையில் கட்ட முடியாது. ஒளித்துகள் வைரக்கல் மாதிரி: மதிப்பு அதிகம், எடை கிடையாது. ஆற்றலை வேண்டிய அளவு சுமக்கும். உந்தமோ, சிலிக்கானுக்குத் தேவைப்படுவதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் அதனிடம் இருக்கும். படிகத்தில் உந்தத்தைச் சுமக்கக்கூடிய இன்னொன்று இருக்கிறது, அணுக்களின் அதிர்வு. அதற்கும் ஒளியைப் போலவே துகள் கணக்கு உண்டு, ஃபோனான் என்று பெயர். இது உப்பு மூட்டை: எடை ஏராளம், மதிப்பு சொற்பம். உந்தத்தை முழுதாகச் சுமந்துவிடும். ஆற்றலோ இடைவெளியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் இதனிடம் போகும்.

ஆக, சிலிக்கானில் எலக்ட்ரான், துளை, ஃபோனான் மூன்றும் ஒரே நிகழ்வில் சேர்ந்தால் ஒளி வரும். இயற்கை இதைத் தடை செய்யவில்லை. 1952-லேயே ஹெய்ன்ஸ், பிரிக்ஸ் என்ற இருவர் ஜெர்மேனியத்திலும் சிலிக்கானிலும் இந்த மங்கலான ஒளியை அளந்து காட்டினார்கள். ‘சிலிக்கான் ஒளிராது’ என்று பாடப்புத்தகங்கள் சொல்வது ஒரு சௌகரியத்துக்காக. மூவர் கூடும் சந்தர்ப்பம் அரிது என்பதுதான் சரி.

எவ்வளவு அரிது? ஒரு கன சென்டிமீட்டரில் பத்தாயிரம் கோடி கோடி துளைகள் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதனங்களில் சாதாரணமாக இருக்கும் அளவுதான். காலியம் ஆர்சனைடில் ஓர் எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து விழுவதற்கு ஒன்றிரண்டு நானோ நொடி ஆகும். சிலிக்கானில் அதே வேலைக்கு ஏறத்தாழ 0.2 மில்லி நொடி. லட்சம் மடங்கு தாமதம்.

தாமதமானால் என்ன, என்றாவது ஒளி வரத்தானே வேண்டும் என்று தோன்றும். வராது, ஏனென்றால் எலக்ட்ரான் காத்திருக்கும் நேரத்தில் அதன் ஆற்றலைத் தட்டிப் பறிக்க வேறு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, படிகத்தின் குறைகள். ஓர் இரும்பு அணு கலந்திருந்தாலோ, ஓர் அணு இடம் விட்டு விலகியிருந்தாலோ, சில்லின் மேற்பரப்பில் பிணைப்பு அறுந்திருந்தாலோ, அங்கே இடைவெளிக்கு நடுவில் ஒரு படிக்கட்டு உண்டாகிவிடும். எலக்ட்ரான் அதில் கால் வைத்து இறங்கி, ஆற்றல் முழுவதையும் சூடாகக் கொட்டிவிடும். மற்றொன்றுக்கு ஆகர் நிகழ்வு என்று பெயர். கூட்டம் அதிகமாகும்போது விழும் எலக்ட்ரான் தன் ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றிடம் தள்ளிவிடும். அது மேலே எகிறிப் பிறகு சூடாகத் தணியும். நாம் எடுத்துக்கொண்ட அடர்த்தியில் ஆகர் நிகழ்வுக்குச் சில மைக்ரோ நொடிகள் போதும். ஒளி வர 0.2 மில்லி நொடி வேண்டும். பந்தயம் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. சாதாரண சிலிக்கான் டயோடில் ஆயிரம் எலக்ட்ரான் விழுந்தால் ஒன்று கூட ஒளியாகத் தேறாது. காலியம் ஆர்சனைடிலும் இதே திருடர்கள் உண்டு. ஆனால் அங்கே ஒளி முந்திக்கொள்கிறது.

இந்த விளக்கம் உண்மைதானா என்று சோதிக்க ஒரு அழகான வழி இருந்தது. ஒரே பொருளை நேரடியிலிருந்து மறைமுகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்ப்பது. 1962 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ராபர்ட் ஹால் குழுவினர் காலியம் ஆர்சனைடில் முதல் குறைகடத்தி லேசரை இயக்கினார்கள். ஒளி அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. அதே நிறுவனத்தின் சிரக்யூஸ் ஆய்வகத்தில் இருந்த நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் ஒளிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவர் ஆர்சனிக்கில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாஸ்பரஸைச் சேர்த்தார். இடைவெளி விரிந்தது, அக்டோபரில் சிவப்பு ஒளி வந்தது.

பாஸ்பரஸை இன்னும் கூட்டினால் மஞ்சள், பச்சை என்று போய்விடலாமே? அங்கேதான் முட்டுக்கட்டை. காலியம் ஆர்சனைடிலும் ஒதுங்கிய பள்ளங்கள் உண்டு; அவை நடுப்பள்ளத்தைவிட உயரத்தில் இருப்பதால் தொந்தரவு இல்லை. பாஸ்பரஸ் சேரச் சேர எல்லாப் பள்ளங்களும் மேலே எழுகின்றன, ஆனால் நடுப்பள்ளம் வேகமாக எழுகிறது. பாஸ்பரஸ் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தொடும்போது நடுப்பள்ளம் ஒதுங்கிய பள்ளத்தைத் தாண்டிவிடுகிறது. எலக்ட்ரான்கள் ஒதுக்குப்புறத்துக்குக் குடிபெயர்கின்றன. ஒளி சடசடவென்று சரிகிறது. வேதிப்பொருள் கிட்டத்தட்ட அதேதான், அடுக்கும் அதேதான். மாறியது பள்ளத்தின் இடம் மட்டும். 1970-களின் கால்குலேட்டர்களில் எண்கள் சிவப்பாக மின்னியதற்கும் இதுவே காரணம்: பாஸ்பரஸை 40 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கலவையின் நிறம் சிவப்பு.

சிலிக்கானின் மங்கல் ஒளியை யாரும் சும்மா விட்டுவிடவில்லை. சூரியத் தகடு செய்யும் ஆலைகளில் தகட்டை இருட்டறையில் வைத்து, தலைகீழ் வேலையாக அதற்குள் மின்சாரத்தைச் செலுத்துவார்கள். தகடு 1,150 நானோமீட்டருக்குப் பக்கத்தில் மிக மங்கலாக ஒளிரும். அதற்கென்று இருக்கும் கேமரா சில நொடிகள் திறந்திருந்து அதைப் படமெடுக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் தகட்டின் உள்ளே ஓடும் மயிரிழை விரிசல்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். மின் இணைப்பு அறுந்த பகுதி முழுக் கறுப்பாக இருக்கும். குறைகள் ஒளியைத் தின்னும் என்பதையே இங்கே சோதனைக் கருவியாக்கிவிட்டார்கள்.

குறைகளை ஒழித்தால் சிலிக்கானும் கொஞ்சம் தேறும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழுவினர் 2001-ல், மிகத் தூய சிலிக்கானை எடுத்து, மேற்பரப்பைப் பக்குவப்படுத்தி, 1 சதவீதத்தை நெருங்கும் திறனோடு ஒளிர வைத்தார்கள். சிலிக்கானுக்கு அது பெரிய சாதனை. ஆனால் லேசருக்கு அது போதாது. தாமதமும் அப்படியே இருக்கிறது. நொடிக்குக் கோடிக்கணக்கான முறை அணைந்து எரிய வேண்டிய தகவல் தொடர்பு விளக்குக்கு, ஒளிர மில்லி நொடிக் கணக்கில் யோசிக்கும் பொருள் ஆகாது.

அப்படியானால் சிலிக்கான் சில்லின் மேலேயே காலியம் ஆர்சனைடை வளர்த்துவிடலாமே என்பது அடுத்து எழும் கேள்வி. பல பத்தாண்டுகளாக முயல்கிறார்கள். சிலிக்கான் படிகத்தின் அடிப்படைக் கட்டத்தின் அளவு 5.43 ஆங்ஸ்ட்ராம், காலியம் ஆர்சனைடுக்கு 5.65. வித்தியாசம் 4 சதவீதம்தான். ஆனால் அடுக்கு தடிக்கும்போது அணு வரிசைகள் பொருந்தாமல் முறிந்து, முறிவுகள் நூல் நூலாக மேலேறி ஒளிரும் பகுதிக்குள் புகுந்துவிடும். மேலே சொன்ன படிக்கட்டுகள் இவைதான். அதனால் தரவு மையங்களில் ஓடும் ஒளியிழை இணைப்புச் சாதனங்களில் வேறு ஏற்பாடு செய்கிறார்கள். இண்டியம் பாஸ்பைடு போன்ற நேரடி இடைவெளிப் பொருளில் லேசரைத் தனியாகச் செய்து, சிலிக்கான் மேல் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். ஒளியை வழிநடத்துவது, பிரிப்பது, அதில் தகவலை ஏற்றுவது எல்லாம் சிலிக்கானின் வேலை; ஒளியை உண்டாக்குவதை மட்டும் ஒட்டுப்போட்ட அந்தச் சில்லிடம் விட்டுவிடுகிறார்கள்.