ஷட்டரில் ஒட்டிய தாள்

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் ஏ4 தாளில் அச்சடித்த அறிவிப்புகளைப் பார்க்கலாம். வாசகமும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். “வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. பொங்கல் பண்டிகையை முன்னிட்டு எமது அலுவலகத்திற்கு 15 முதல் 18 வரை விடுமுறை. அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். இப்படிக்கு, நிர்வாகம்.”

படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு நிற்கிறவருக்கு அடுத்தடுத்து கேள்விகள் எழும். 18ஆம் தேதி திறந்திருக்குமா, மூடியிருக்குமா? திரும்ப எப்போது திறப்பார்கள்? விடுமுறைக்கு முந்தின நாள் வழக்கமான நேரம்தானா? நடுவில் தவணை வந்தால் என்ன செய்வது? பதில் தெரியாமல் கவுன்ட்டரில் விசாரிக்கிறார். அங்கிருப்பவர் அதே பதிலை அன்றைக்கு முப்பதாவது முறையாகச் சொல்கிறார்.

விடுமுறையால் பணம் சம்பந்தப்பட்ட சிக்கல் எங்கே வருமோ அங்கேதான் இந்தத் தாளின் அருமை தெரியும். ஒரு சிறு நகரத்தில் உள்ள நகைக்கடன் நிறுவனத்தின் கிளையை எடுத்துக்கொள்வோம். 2026ஆம் ஆண்டின் பொங்கல் வாரம். ஜனவரி 15 வியாழன் பொங்கல், 16 வெள்ளி திருவள்ளுவர் தினம், 17 சனி உழவர் திருநாள், 18 ஞாயிறு. ஆக நான்கு நாட்கள் தொடர்ந்து மூடல். 14ஆம் தேதி போகி. அன்று கிளை உண்டு.

இந்த வாரத்தில் அந்தக் கிளைக்கு இரண்டு வகையானவர்கள் வருவார்கள். ஒருவர் வட்டி கட்ட வருகிறவர். இன்னொருவர் பண்டிகைக்கு அணிய வேண்டும் என்பதற்காக அடகு வைத்த சங்கிலியை மீட்க வருகிறவர். வட்டி கட்டுவது ஐந்து நிமிட வேலை. மீட்பு அப்படியல்ல. கணக்கு முடித்து, பணத்தை எண்ணி, பெட்டகத்தைத் திறந்து, கவரை எடுத்து, முத்திரையை வாடிக்கையாளர் முன்னால் பிரித்து, எடை பார்த்து, கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். பெட்டகத்துக்குப் பொதுவாக இரண்டு சாவிகள், இரண்டு பேர் கையில். அதில் ஒருவர் ஊருக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டால், மேலாளரே நினைத்தாலும் நகை வெளியே வராது. ஆகவே “14ஆம் தேதி மாலை 4 மணி வரை” என்று மட்டும் எழுதினால் போதாது. நான்கு மணிக்கு வந்து நிற்கிறவருக்கு நகை கிடைக்காது, சண்டைதான் கிடைக்கும். மீட்புக்கான கடைசி நேரம் தனியாகத் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் யோசித்து எழுதினால் அறிவிப்பு இப்படி வரும்:

“பொங்கல் திருநாளுக்காக ஜனவரி 15 வியாழன் முதல் 18 ஞாயிறு வரை நான்கு நாட்களும் கிளை இயங்காது. 19 திங்கள் காலை 10 மணிக்குத் திறப்போம்.

14 புதன் (போகி) அன்று காலை 9 முதல் மாலை 4 வரை கிளை உண்டு. நகை மீட்க வருபவர்கள் பிற்பகல் 2 மணிக்குள் வாருங்கள்.

15 முதல் 18 வரை தவணை உள்ளவர்கள் 19 திங்கள் அன்று கட்டலாம். தாமதக் கட்டணம் இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை மட்டும் அந்தந்தத் தேதியிலேயே பிடிக்கப்படும். கணக்கில் பணம் இருக்கட்டும்.

நகை, கடன் குறித்த அவசரத் தேவைக்கு விடுமுறையிலும் அழைக்கலாம்.”

கீழே தொலைபேசி எண், கிளையின் பெயர், மேலாளர் கையெழுத்து, ஒட்டிய தேதி. அவ்வளவுதான். பழையதைவிட நான்கைந்து வரி கூடுதல். தேதியோடு கிழமையும் இருப்பதைக் கவனிக்கலாம். தேதியைத் தவறாக அச்சடித்துவிட்டால் கிழமை காட்டிக்கொடுக்கும். பலருக்குத் தேதியைவிடக் கிழமைதான் நினைவில் நிற்கும். “நான்கு நாட்களும்” என்ற சொல், 18 சேர்த்தியா இல்லையா என்ற சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறது. திறக்கும் நாளையும் சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை.

தவணை பற்றிய வரியைத்தான் பெரும்பாலான அறிவிப்புகள் விட்டுவிடுகின்றன. விடுமுறை நாளில் கெடு முடிந்தால் மறுநாள் கட்டிக்கொள்ளலாம் என்று நம்மில் பலர் தாமாகவே நினைத்துக்கொள்கிறோம். சட்டம் எல்லா இடத்திலும் அப்படிச் சொல்லவில்லை. 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டத்தில் 10ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு மத்தியச் சட்டத்தின்படி நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ குறிப்பிட்ட நாளுக்குள் செய்ய வேண்டிய காரியத்துக்கு, கடைசி நாளன்று அந்த இடம் மூடியிருந்தால், அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகவே கொள்ளப்படும். இது வாடிக்கையாளருக்கு ஆறுதலான விதி.

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இதற்கு நேர் எதிர். தேதி குறித்த ஒரு புரோநோட்டின் முதிர்வு நாள் பொது விடுமுறையில் விழுந்தால், அது முந்தின வேலை நாளிலேயே முதிர்ந்ததாகக் கொள்ளப்படும். மேலே சொன்ன பொங்கலில், முதிர்வு 17ஆம் தேதி என்றால் பணம் 14ஆம் தேதி போகியன்றே தர வேண்டியதாகிவிடும். அதே விடுமுறைதான். ஒரு சட்டம் தேதியைப் பின்னால் தள்ளுகிறது, இன்னொன்று முன்னால் இழுக்கிறது. தனியார் நிறுவனத்தோடு செய்துகொண்ட கடன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது மூன்றாவது கணக்கு. வாடிக்கையாளர் இத்தனையையும் தெரிந்துவைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? நிர்வாகம் முடிவெடுத்து ஒரே வரியில் சொல்லிவிடுவதுதான் நியாயம். “தாமதக் கட்டணம் இல்லை” என்று எழுதும் முன் தலைமை அலுவலகத்தைக் கேட்டு, கணினியிலும் அதற்கேற்ப மாற்றம் செய்துவிட வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தாளில் ஒன்று, ரசீதில் ஒன்று என்றிருந்தால் தாளே ஒட்டாமல் இருந்திருக்கலாம்.

தானாகப் பிடிக்கும் தவணை விஷயத்தில் இன்னும் பழைய நினைப்பிலேயே பலர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வங்கி இல்லை, திங்கள்தான் பிடிப்பார்கள் என்ற கணக்கு ஒரு காலத்தில் சரி. வங்கிகளுக்கிடையே தவணைகளை மொத்தமாக வசூலிக்கும் நாச் முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் விடுமுறை நாட்கள் உட்பட எல்லா நாளும் இயங்குகிறது. நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் முதலும் இருபத்து நான்கு மணி நேரமும் நடக்கின்றன. கிளையின் ஷட்டர் இறங்கியிருக்கும்போதே கணக்கில் பணம் பிடிக்கப்படும். பணம் இல்லாவிட்டால் தவணை திரும்பிப்போய் அபராதமும் விழும்.

“அரசு விடுமுறை நாட்களில் இயங்காது” என்று நிரந்தரமாக எழுதி மாட்டியிருக்கும் பலகைகளும் உண்டு. இதை நம்பிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2025 ஜனவரி நல்ல உதாரணம். அந்த ஆண்டு பொங்கல் 14 செவ்வாய். 15, 16 தேதிகளும் விடுமுறை. நடுவில் மாட்டிக்கொண்ட 17 வெள்ளியையும் தமிழக அரசு விடுமுறையாக அறிவித்து, அதற்கு ஈடாக 25 சனிக்கிழமை வேலை நாள் என்றது. வங்கிகளுக்கு 17 வழக்கமான வேலை நாள். 18 மூன்றாவது சனி என்பதால் அன்றும் வேலை நாள். ஆனால் 25 நான்காவது சனி. 2015 செப்டம்பர் முதல் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை. ஆக, 17 அன்று அரசு அலுவலகம் மூடல், வங்கி திறப்பு. 25 அன்று அப்படியே தலைகீழ். “அரசு விடுமுறை” என்ற பலகை மாட்டிய தனியார் அலுவலகம் இதில் எந்தப் பக்கம் நின்றிருக்கும்? வாசலுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். தேதி போட்ட தாள் ஒன்று இருந்திருந்தால் ஒரு ஆட்டோ செலவு மிச்சம்.

நேர மாற்றத்துக்கும் இதே விதிதான். “ஜனவரி 19 முதல் காலை 9.30 முதல் மாலை 5 வரை. இதுவரை 10 முதல் 5.30 வரை இருந்தது” என்று பழையதையும் சேர்த்துச் சொன்னால் எது மாறியது என்பது பளிச்சென்று தெரியும். மாற்றம் தற்காலிகம் என்றால் எதுவரை என்பதும் வேண்டும். பணம் வாங்கும் கவுன்ட்டர் மூடும் நேரம் வேறு என்றால் அதையும் தனியாக எழுத வேண்டும். “மறு அறிவிப்பு வரும் வரை” என்பது மட்டும் தவிர்க்க வேண்டிய வாசகம். முடிவு உண்மையிலேயே தெரியாவிட்டால், “அடுத்த தகவலை 20 செவ்வாய் மாலை இங்கே ஒட்டுவோம்” என்று சொல்லலாம். தினமும் வந்து எட்டிப்பார்க்கிறவர் அன்று மட்டும் வந்தால் போதும்.

எங்கே ஒட்டுவது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணாடிக் கதவில் ஒட்டினால், விடுமுறையன்று ஷட்டர் இறங்கி அதை மறைத்துவிடும். ஷட்டரில் ஒட்டினால், வேலை நாளில் ஷட்டரோடு சுருண்டு மேலே போய்விடும். இரண்டு முறை ஏறி இறங்கினால் தாளும் கிழிந்துவிடும். ஆகவே இரண்டு பிரதிகள் தேவை. ஒரு வாரம் முன்பே கவுன்ட்டருக்கு நேரே, வரிசையில் நிற்பவர் கண்ணில் படும்படி ஒன்று. கடைசி நாள் மூடும்போது பூட்டில் கட்டித் தொங்கவிட லேமினேஷன் செய்த இன்னொன்று. கூகுள் மேப்பில் நிறுவனத்தின் பக்கத்தில் பண்டிகை நாளுக்கென்று தனி நேரம் குறிக்க வசதி இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் பொங்கலன்றும் “திறந்திருக்கிறது” என்று காட்டிக்கொண்டிருக்கும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் படத்தில் ஆண்டும் இருக்க வேண்டும். ஆண்டு இல்லாத படம் அடுத்த தையிலும் எங்கிருந்தாவது கிளம்பி வரும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிற பெரியவர்கள் இன்னமும் வருகிறார்கள். அவர்களுக்குத் தாள் உதவாது. வட்டி ரசீதைக் கொடுக்கும்போதே “அம்மா, வியாழன்லேருந்து நாலு நாள் ஆபீஸ் கிடையாது. சங்கிலி வேணும்னா புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள வந்துடுங்க” என்று வாயால் சொல்லிவிடுவதே சரி. தாளின் அடியில் வருத்தம் தெரிவிப்பதைவிட அந்த அம்மாவுக்கு இதில் மரியாதை அதிகம்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒன்று. உங்கள் கெடு நாள் நீண்ட விடுமுறைக்கு நடுவில் விழுகிறதென்றால், அறிவிப்பில் தவணை பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். விடுமுறைக்கு முன்பே கட்டிவிடுங்கள். முடியாவிட்டால், எந்த நாள் வரை அபராதம் இல்லை என்பதைக் கவுன்ட்டரில் கேட்டு ரசீதின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.