உரிமத்தில் பெயர்ப் பிழை: திருத்தக் கடிதம்

ஓட்டுநர் உரிமத்தில் பெயரின் ஆங்கில எழுத்து தவறியிருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு எழுதும் கடிதம் பிழையைத் துல்லியமாகக் காட்ட வேண்டும். ‘என் பெயர் தவறாக உள்ளது’ என்பது மட்டும் போதாது. கவிதா என்ற பெயரில் ‘எச்’ விடுபட்டதாகக் கொள்வோம். உரிம எண், பிறந்த தேதியை எழுதி, அட்டையில் உள்ளபடி பெயரை ஒரு வரியிலும், சரியான வடிவத்தை அடுத்த வரியிலும் பெரிய எழுத்தில் தர வேண்டும். ‘இது எழுத்துப் பிழையே, பெயர் மாற்றம் அன்று’ என்ற வாக்கியம் மிக அவசியம். பெயரையே மாற்றியவர்களிடம் அரசிதழ் அறிவிப்பு கேட்கப்படலாம்.

சான்றாகப் பள்ளிச் சான்றிதழ், ஆதார் நகல்களை இணைக்கலாம். அவை இரண்டிலும் முதலெழுத்து வேறுபட்டால் விண்ணப்பம் தடைபடலாம். அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள்.