டயரில் காற்று நிரப்பிய பின்னும் அணையாத எச்சரிக்கை விளக்கு

டயர் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு என்பது காரின் முகப்புப் பலகையில், குதிரைலாட வடிவத்துக்குள் ஆச்சரியக்குறியுடன் மஞ்சள் நிறத்தில் எரியும் குறியாகும். காற்று நிரப்பிய பின்னும் இது எரிந்துகொண்டிருந்தால், காரில் எந்த வகைக் கண்காணிப்பு முறை உள்ளது என்பதை முதலில் அறிய வேண்டும்.

நேரடி முறை

ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் மின்கலத்துடன் கூடிய சிறிய உணரி இருக்கும். அது அழுத்தத்தை அளந்து வானொலி அலை வழியாகக் காருக்கு அனுப்பும். நின்றிருக்கும் காரில் உணரி அடிக்கடி தகவல் அனுப்பாது. எனவே காற்று நிரப்பிய பின் சில நிமிடங்கள் ஓட்டினாலே பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். வண்டியை இயக்கியதும் விளக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் மின்னி, பிறகு நிலையாக எரிந்தால், குறை காற்றில் இல்லை. உணரியின் மின்கலம் தீர்ந்திருக்கலாம்.

மறைமுக முறை

இதில் அழுத்தத்தை அளக்கும் கருவியே கிடையாது. காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் சற்றுச் சிறுத்துவிடுவதால், அச்சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். ஏபிஎஸ் தடுப்பு அமைப்பின் வேக உணரிகள் இந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கின்றன. நாம் காற்று நிரப்பியது காருக்குத் தானாகத் தெரியாது. அதனால்தான் மீளமைப்பு தேவைப்படுகிறது.

மீளமைக்கும் முறை

டயர்கள் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அட்டையில் குறித்துள்ள அளவுக்கு நான்கிலும் காற்று நிரப்ப வேண்டும். பின்னர் வண்டியின் மின் இணைப்பை இயக்கி, SET என்ற பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும்; சில கார்களில் இது திரைப் பட்டியலில் இருக்கும். அதன்பின் ஓடும் நேரத்தில் கார் புதிய சுழற்சி அளவுகளைக் கற்றுக்கொள்ளும். செய்முறை காருக்குக் கார் மாறுவதால் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

கவனிக்க வேண்டியது

மீளமைப்பு என்பது "இப்போதுள்ள நிலையே சரியானது" என்று காருக்குச் சொல்வது மட்டுமே. எடுத்துக்காட்டாக, 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய ஒரு டயரில் 24 தான் இருக்கிறது என்று கொள்வோம். காற்று நிரப்பாமல் பொத்தானை அழுத்தினாலும் விளக்கு அணையும். கார் 24 உள்ள நிலையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளும். கால் பங்கு குறைந்தால் எச்சரிக்கும் காராக இருந்தால், இனி ஏறத்தாழ 18 ஆன பிறகே விளக்கு எரியும். அதுவரை டயரின் பக்கச்சுவர் மிகையாக வளைந்து சூடேறி, வேகமாகச் செல்லும்போது வெடிக்கவும் கூடும்.

சரியாக நிரப்பி மீளமைத்தும் சில நாளில் விளக்கு மீண்டும் எரிந்தால், காலையில் வண்டியை எடுக்கும் முன் அழுத்தமானியால் நான்கு டயர்களையும் அளக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அளவு குறைந்திருந்தால், ஆணியோ வால்வுக் கசிவோ இருக்கிறது என்று பொருள். பஞ்சர் பார்த்த பிறகே மீண்டும் பொத்தானை அழுத்த வேண்டும்.