ஒரு ஸ்லைடுக்கு ஒரு செய்தி

கோவையில் ஐந்தாறு பேர் கொண்ட ஒரு சிறிய நிறுவனம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். நூற்பாலைகளில் கம்ப்ரஸர் குழாய்களில் காற்று எங்கெல்லாம் கசிகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர்கள் தொழில். ஆலை முதலாளியைச் சந்திக்க இருபது நிமிடம் கிடைத்திருக்கிறது. பவர்பாயிண்டைத் திறக்கிறார்கள். முதல் ஸ்லைடில் 'எங்களைப் பற்றி', இரண்டாவதில் 'எங்கள் சேவைகள்', மூன்றாவதில் 'எங்கள் வாடிக்கையாளர்கள்'. ஒவ்வொன்றிலும் ஏழெட்டு புள்ளி வரிகள். பெரும்பாலான விற்பனை பிரசன்டேஷன்கள் இப்படித்தான் தொடங்குகின்றன, இங்கேயே தோற்றும் போகின்றன.

'எங்கள் சேவைகள்' என்பது ஒரு செய்தி அல்ல, டப்பாவின் மேல் ஒட்டிய லேபிள். உள்ளே எதை வேண்டுமானாலும் கொட்டலாம். அதனால்தான் கொட்டுகிறோம். லேபிளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு முழு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். 'ஒழுகும் காற்றுக்கும் நீங்கள் மின்கட்டணம் கட்டுகிறீர்கள்.' இது ஒரு செய்தி. முதலாளி ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், 'எவ்வளவு?' என்று கேட்கலாம். தலைப்பு வாக்கியமாகிவிட்டால், அதை நிரூபிக்காத எதற்கும் அந்த ஸ்லைடில் இடமில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும். அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் ஆலி இந்த முறையைப் பொறியாளர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறார்: மேலே ஒரு வாக்கியம், கீழே அதற்கு ஆதாரமாக ஒரு படம் அல்லது வரைபடம்.

'எவ்வளவு?' என்ற கேள்விக்கு அடுத்த ஸ்லைடு பதில் சொல்ல வேண்டும். '3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று ஆண்டுக்கு 2 லட்ச ரூபாய் தின்கிறது.' கீழே கணக்கு மட்டும். 7 பார் அழுத்தத்தில் அப்படிப்பட்ட ஓட்டை வழியே போகும் காற்றை ஈடுகட்ட, கம்ப்ரஸர் சுமார் 3 கிலோவாட் மின்சாரம் கூடுதலாக இழுக்கும். நாளுக்கு 24 மணி நேரம், ஆண்டுக்கு 350 நாள் ஓடினால் 25,200 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 2 லட்சத்தைத் தாண்டுகிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கருவியின் படத்தையும் இதிலேயே போட்டுவிடலாமே என்று கை பரபரக்கும். போடக் கூடாது. முதலாளி மனதுக்குள் தன் ஆலையில் எத்தனை ஓட்டை இருக்கும் என்று பெருக்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. படம் அந்தக் கணக்கைக் கலைத்துவிடும்.

கருவிக்குத் தனி ஸ்லைடு: 'ஆலை இரைச்சலில் காதுக்குக் கேட்காத கசிவு இந்தக் கருவிக்குக் கேட்கும்.' பிறகு, 'மெஷினை நிறுத்தாமலே இரண்டு நாளில் தேடி முடிப்போம்.' இந்த வாக்கியம் முதலாளியைவிட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பராமரிப்புப் பொறியாளருக்குத்தான் அதிகம் தேவை. உற்பத்தி நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அடுத்து, முன்பு வேலை செய்த ஓர் ஆலையின் அனுபவம். அந்த ஆலையின் அனுமதியோடு. பின்னர் கட்டணம். கடைசியாக ஒரு வேண்டுகோள்: 'முதலில் ஒரே ஒரு ஷெட்டை மட்டும் சோதிக்க விடுங்கள்.' 'நன்றி' என்று பூப்படம் போட்ட ஸ்லைடைவிட இது எவ்வளவோ மேல். பேச்சு முடிந்த பிறகும் திரையில் நிற்கப்போவது அந்தக் கடைசி ஸ்லைடுதான்.

மொத்தம் ஏழு ஸ்லைடுகள். நிறுவனம் எப்போது தொடங்கப்பட்டது என்பது ஒன்றிலும் இல்லை. கேட்டால் வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, தொழில் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். படித்துவிட்டு அவர் கதையைத் திருப்பிச் சொன்னால் சரி. இடையில் 'இது எதுக்கு?' என்று கேட்டால், அங்கே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. ஒரு தலைப்பைச் சொல்ல இரண்டு வாக்கியம் தேவைப்பட்டால் அது இரண்டு ஸ்லைடு.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. பழைய ஸ்லைடில் இருந்த எட்டு புள்ளி வரிகளை எட்டு ஸ்லைடுகளாக வெட்டிப் போட்டுவிட்டு, 'ஒரு ஸ்லைடுக்கு ஒன்று' ஆகிவிட்டது என்று நினைப்பது. வரி வேறு, செய்தி வேறு. அந்த எட்டும் சேர்ந்து ஒரே விஷயத்தைச் சொன்னால், ஒரே ஸ்லைடு போதும். எதையும் சொல்லவில்லை என்றால் ஒன்றுகூட வேண்டாம்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. பேசுபவர் இல்லாமல் ஏழு ஸ்லைடும் பாதிதான் பேசும். ஆனால் சந்திப்பு முடிந்ததும், 'வாட்ஸப்பில அனுப்பிடுங்க, பார்ட்னர்கிட்ட காட்டுறேன்' என்பார் முதலாளி. அந்தப் பார்ட்னருக்கு விளக்க ஆள் இருக்காது. ஆகவே கருவியின் விவரம், ஜி.எஸ்.டி. சேர்த்த விலைப் பட்டியல், கணக்கின் அடிப்படை எல்லாவற்றையும் கடைசி ஸ்லைடுக்குப் பின் இணைப்பாக வையுங்கள். ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் நீங்கள் வாயால் சொன்னதை இரண்டு வரியில் சேர்த்துத் தனிப் பிரதி ஒன்று தயாரியுங்கள். அதை பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்புங்கள். பவர்பாயிண்ட் கோப்பாகவே அனுப்பினால், நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அவர் போனில் இல்லாதபோது வரிகள் இடம் மாறிப்போகும்.