வாழைக்கு வாங்கிய அட்வான்ஸ்: எப்போது அது உங்கள் பணம் ஆகிறது?

வைகை அணையைச் சுற்றியுள்ள ஆண்டிபட்டி, பெரியகுளம் வட்டாரங்களிலும், மேலே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வரையிலும் ஜி-9 வாழை போட்டவர்களுக்கு இந்த நடைமுறை பழக்கமானதுதான். தோப்பில் பாதிக் குலை தள்ளியிருக்கும்போதே வியாபாரி வந்து பார்ப்பார். கிலோ விலை பேசி, கையில் ஒரு தொகையைக் கொடுத்து, 'வேறு யாருக்கும் பேசிவிடாதீர்கள்' என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பணம் உரக்கடை பாக்கிக்கோ, முட்டுக் கொடுக்கும் கம்புக்கோ, வீட்டுச் செலவுக்கோ உடனே போய்விடும்.

நோட்டுப் புத்தகத்தில் அதைப் பெரும்பாலும் 'வாழை விற்ற வரவு' என்றுதான் எழுதுகிறோம். பலர் எழுதுவதே இல்லை. எல்லாத் தாரும் நல்லபடியாக வெட்டி முடிந்தால் இதனால் சண்டை வராது. சித்திரை, வைகாசியில் ஒரு மாலை சூறைக்காற்று அடித்துத் தோப்பு சாய்ந்துவிட்டால், 'நான் கொடுத்ததில் எவ்வளவு பாக்கி?' என்று வியாபாரி கேட்பார். அப்போது பதில் சொல்ல நோட்டு கைகொடுக்க வேண்டும்.

வாங்கிய அன்று அது கடன்

அட்வான்ஸ் வாங்கிய அன்று உங்கள் தோப்பிலிருந்து ஒரு சீப்புகூட வெளியே போகவில்லை. பணம் வந்திருக்கிறது, அதற்கு ஈடாக நீங்கள் காய் தர வேண்டியிருக்கிறது. தர முடியாவிட்டால், வேறு பேச்சு இல்லாதவரை, பணத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். ஆகவே கணக்கில் அது வருமானமாக நிற்காமல் வியாபாரிக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கியாக நிற்க வேண்டும். காயை வெட்டி, எடை போட்டு, அவர் கையில் ஒப்படைக்கும்போதுதான் விற்பனை நடக்கிறது. எவ்வளவு காய் போனதோ அவ்வளவுக்குத்தான் விற்பனை. அட்வான்ஸில் பேசியபடி கழிக்கும் தொகையும் அப்போதுதான் உங்கள் பணமாக மாறுகிறது.

சட்டமும் இதே வழியில்தான் பார்க்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 'விற்பனை' என்பதையும் 'விற்பதற்கான உடன்பாடு' என்பதையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. பொருளின் உரிமை வாங்குபவருக்கு மாறினால் விற்பனை. பின்னால் மாறப்போகிறது என்றால் அது உடன்பாடு. விற்பவர் எடை போட்டால்தான் விலை தெரியும் என்ற நிலையில், எடை போட்டு அது வாங்குபவருக்குத் தெரியும்வரை உரிமை மாறாது என்பது பொது விதி. உரிமை யாரிடம் இருக்கிறதோ, சேதமும் அவருடையது. இருவரும் வேறு மாதிரி பேசி வைத்திருந்தால் அந்தப் பேச்சே செல்லும்.

மூன்று பக்கம் போதும்

இதற்குப் பெரிய கணக்கு முறை தேவையில்லை. ஒரு நீள நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கம் 'ரொக்கம்': கையிலோ வங்கியிலோ வந்த பணமும் போன பணமும். இரண்டாவது 'அட்வான்ஸ்': வியாபாரியின் பெயரைத் தலைப்பில் போட்டு, வாங்கியது, கழித்தது, பாக்கி என்று மூன்று கட்டம். மூன்றாவது 'விற்பனை': தேதி, தார் எண்ணிக்கை, எடை, விலை, மொத்தத் தொகை. இரண்டு வியாபாரிகளிடம் வாங்கியிருந்தால் அட்வான்ஸுக்கு இரண்டு பக்கம். இருவரையும் ஒரே பக்கத்தில் கலக்க வேண்டாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஒருவரிடம் ஆயிரம் வாழை இருக்கிறது. மார்ச் 10 அன்று வியாபாரி 60,000 ரூபாய் கொடுக்கிறார். பேச்சு இதுதான்: தண்டுக் கழிவு போக நிகர எடைக்குக் கிலோ 15 ரூபாய், ஒவ்வொரு வெட்டிலும் கிலோவுக்கு 3 ரூபாய் அட்வான்ஸில் கழியும், மீதி 12 ரூபாய் அன்றே கைக்கு வரும்.

மார்ச் 10: ரொக்கப் பக்கத்தில் வரவு 60,000. அட்வான்ஸ் பக்கத்தில் வாங்கியது 60,000, பாக்கி 60,000. விற்பனைப் பக்கம் வெறுமையாகவே இருக்கும்.

ஒரே நாளில் நட்டாலும் வாழை முன்னும் பின்னுமாகத்தான் குலை தள்ளும். குலை தள்ளிச் சுமார் மூன்று, மூன்றரை மாதத்தில் தார் வெட்டுக்கு வரும். அதனால் ஒரு தோப்பைப் பல வெட்டாகத்தான் வெட்டுகிறோம். ஒவ்வொரு வெட்டும் கணக்கில் தனி விற்பனை.

ஏப்ரல் 6, முதல் வெட்டு: 200 தார், நிகர எடை 5,000 கிலோ. விற்பனைப் பக்கத்தில் 75,000 ரூபாய் முழுதாக எழுத வேண்டும். அட்வான்ஸ் பக்கத்தில் கழித்தது 15,000, பாக்கி 45,000. ரொக்கப் பக்கத்தில் வரவு 60,000.

ஏப்ரல் 24, இரண்டாம் வெட்டு: 300 தார், 7,200 கிலோ. விற்பனை 1,08,000. கழித்தது 21,600, பாக்கி 23,400. ரொக்க வரவு 86,400.

இங்கே தவறு இரண்டு விதமாக நடக்கிறது. மார்ச்சில் 60,000 ரூபாயை விற்பனை என்று எழுதியவர், முதல் வெட்டில் 75,000-ஐ முழுதாக எழுதினால் கழித்த 15,000 இரண்டு முறை ஏறிவிடும். அட்வான்ஸை எங்கேயும் எழுதாதவர் அன்று கைக்கு வந்த 60,000-ஐ மட்டும் விற்பனை என்று எழுதுவார். பிறகு கணக்கைப் பார்த்து, கிலோ 12 ரூபாய்க்குத்தான் போனது என்று நினைத்துக்கொள்வார். அடுத்த ஆண்டு விலை பேசும்போதும் அந்த 12 ரூபாயே மனதில் நிற்கும்.

காற்று அடித்த பிறகு

மே முதல் வாரம் காற்றில் மீதி ஐந்நூறு வாழையும் முறிந்து சாய்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். முற்றாத காய், வியாபாரி எடுக்கவில்லை. இப்போது அவர் கேட்கக்கூடியது எவ்வளவு? 60,000 ரூபாயும் இல்லை. அதே சமயம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அட்வான்ஸ் பக்கத்தின் கடைசி வரி சொல்கிறது: 23,400.

கணக்கு சரியா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. அந்த வியாபாரியிடமிருந்து வந்த மொத்த ரொக்கத்திலிருந்து அவருக்குச் செய்த மொத்த விற்பனையைக் கழியுங்கள். ரொக்கம் 60,000, 60,000, 86,400 சேர்ந்து 2,06,400. விற்பனை 75,000, 1,08,000 சேர்ந்து 1,83,000. வித்தியாசம் 23,400. அட்வான்ஸ் பாக்கியும் இதுவே. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒரு வெட்டை எழுத விட்டிருக்கிறோம், அல்லது இரண்டு முறை எழுதியிருக்கிறோம் என்று பொருள்.

இந்த 23,400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் ரொக்கப் பக்கத்தில் செலுத்தியது என்றும், அட்வான்ஸ் பக்கத்தில் பாக்கி 0 என்றும் எழுதுங்கள். அதைச் சாகுபடிச் செலவில் சேர்க்கக் கூடாது. மறுதாம்புப் பயிரில் கழித்துக்கொள்ளலாம் என்று வியாபாரி ஒப்புக்கொண்டால் பாக்கியை அப்படியே வைத்து, ஒப்புக்கொண்ட தேதியுடன் அவர் கையெழுத்தை வாங்குங்கள். சாய்ந்த காயை வேறொருவர் குறைந்த விலைக்கு எடுத்தால் அது தனி விற்பனை. இவருடைய பக்கத்தில் அது வராது. பயிர்க் காப்பீட்டுத் தொகையோ அரசு நிவாரணமோ கிடைத்தால் அதையும் விற்பனையில் சேர்க்காமல் தனி வரவாக எழுதுங்கள்.

கைமாறும் நேரம் எது?

எல்லாம் ஒப்படைத்த நேரத்தைப் பொறுத்திருப்பதால், அதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். தோப்பிலேயே எடை போட்டு வியாபாரியின் வண்டியில் ஏற்றினால், எடைச் சீட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டதும் விற்பனை முடிந்தது. அதன் பிறகு வழியில் காய் அடிபட்டால் அது அவர் பாடு. வெட்டிக் குவித்து, மறுநாள் எடை போடலாம் என்று விட்டால் அன்று இரவு முழுக்கக் காய் உங்களுடையதே. வெட்டிய எண்ணிக்கையை மட்டும் குறித்துவைத்து, எடை வந்த பிறகு விற்பனையை எழுதுங்கள்.

கமிஷன் மண்டிக்கு அனுப்புவது வேறு. மண்டிக்காரர் உங்கள் சார்பில் விற்றுக் கொடுப்பவர். காயை இறக்கியதும் விற்பனை ஆகிவிடாது. அவர் விற்று, பட்டியல் தந்த பிறகே விற்பனை. பட்டியலில் உள்ள முழு விலையை விற்பனையிலும், கமிஷன், இறக்குக்கூலி ஆகியவற்றைச் செலவிலும் எழுதி, மண்டியில் வாங்கிய முன்பணத்தை அட்வான்ஸ் பக்கத்தில் கழியுங்கள்.

தோப்பு முழுவதையும் ஒரே தொகைக்குப் பேசுவதும் உண்டு. அங்கே எடை இல்லை. காற்றில் சாய்ந்தால் யாருக்குச் சேதம் என்பதைப் பேச்சுதான் முடிவு செய்யும். அதனால் அதை எழுதாமல் அட்வான்ஸ் வாங்க வேண்டாம். அரைத்தாள் போதும்: தேதி, தொகை, மரங்களின் எண்ணிக்கை, எந்தத் தேதிக்குள் வெட்ட வேண்டும், சாய்ந்தால் எப்படிக் கழிப்பது, வியாபாரி வெட்ட வராவிட்டால் என்ன செய்வது, இருவர் கையெழுத்து.

மார்ச் 31-இல் நிற்கும் பாக்கி

மேலே பார்த்த கணக்கில் பணம் வந்தது மார்ச்சில், காய் போனது ஏப்ரலில். மார்ச் 31-இல் கணக்கை முடிக்கும்போது அந்த 60,000 ரூபாய் ரொக்கத்தில் தெரியும், விற்பனையில் தெரியாது. அடுத்த ஆண்டுக்கு அட்வான்ஸ் பாக்கியாக அது போகும். உறுப்பினர்களின் காய்க்குச் சேர்த்து முன்பணம் வாங்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவற்றின் இருப்புநிலைக் குறிப்பில் அந்தத் தொகை பொறுப்புகள் பக்கத்தில் வர வேண்டும். வருமானத்தில் சேர்த்து லாபம் என்று காட்டி உறுப்பினர்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டால், மே மாதக் காற்றுக்குப் பிறகு திருப்பித் தரப் பணம் இருக்காது.

இப்படியும் கேட்கலாம்

*பன்னீர் திராட்சைக்கும் இதே முறையா?*
இதே முறைதான். கவாத்து முடிந்ததும் வாங்கும் முன்பணம் அட்வான்ஸ் பக்கத்தில். பழத்தை வெட்டி, எடை போட்டு, பெட்டி வண்டியில் ஏறிய அன்று விற்பனைப் பக்கத்தில். மழையில் பழம் வெடித்து வியாபாரி ஒதுக்கிவிட்ட எடைக்கு விற்பனை எழுதக் கூடாது.

*வியாபாரியே கணக்கு வைத்திருக்கிறார், நானும் எழுத வேண்டுமா?*
எழுதுங்கள். ஒவ்வொரு வெட்டு முடிவிலும் உங்கள் அட்வான்ஸ் பக்கத்தின் பாக்கித் தொகைக்கு நேரே அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் நோட்டில் உள்ள பாக்கியும் அதே தொகைதானா என்று அன்றே பார்த்துவிடுங்கள். வித்தியாசம் இருந்தால், எடைச் சீட்டு கையில் இருக்கும்போதே பேசித் தீர்ப்பது சுலபம்.