பூட்டும் நூலும் ஒரு வீட்டுப்பாடமும்

‘தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் முறையை விளக்குக.’ பதினொன்றாம் வகுப்புக்கு இதை வீட்டுப்பாடமாகக் கொடுத்துப் பாருங்கள். அறுபது நோட்டிலும் ஒரே பதில் வரும். முன்பு முதல் பெஞ்சில் இருப்பவரின் நோட்டு கைமாறியது, இப்போது சாட்ஜிபிடியின் பதில் கைமாறுகிறது.

எழுத்தை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்று நினைப்பது வீண். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டது. நிறுவனம் சொன்ன கணக்குப்படி, இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகக் காட்டியது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தின் மீது வீண்பழி சுமத்தியது. அதே ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆகவே பதிலைத் துருவுவதை விட்டுவிட்டுக் கேள்வியை மாற்றுவோம்.

புதிய கேள்வி இது: ‘உங்கள் ரோல் நம்பரின் கடைசி இலக்கத்தை 6-ஆல் பெருக்கி 50-ஐக் கூட்டுங்கள். அத்தனை சென்டிமீட்டர் நூலில் வீட்டுப் பூட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை ஐந்து முறை எடுத்து எழுதுங்கள். பிறகு நூலை 30 செ.மீ. நீளமாக்கி மறுபடி எடுங்கள்.’

ஏன் 6-ஆல் பெருக்க வேண்டும்? ரோல் நம்பரை அப்படியே கூட்டினால் அடுத்தடுத்த மாணவர்களுக்கு 1 செ.மீ.தான் வித்தியாசம். இருபது அலைவில் அது ஏறத்தாழ கால் விநாடிதான். செல்போனில் ஸ்டாப்வாட்ச் அமுக்கும் விரலே அந்த அளவுக்குப் பிசகும். 6 செ.மீ. என்றால் சராசரியாக ஒன்றரை விநாடிக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விழும். அது விரல் பிசகுக்குள் ஒளியாது. பத்து விதமான நீளங்கள்தான் வரும். ஆனால் ஒரே நீளம் உள்ளவர்கள் பத்து எண் தள்ளித்தான் இருப்பார்கள்.

24-ஆம் எண் மாணவியை எடுத்துக்கொள்வோம். அவளுக்கு 74 செ.மீ. நூல். 23-ஆம் எண்ணுக்கு 68 செ.மீ.; 20 அலைவுக்கு 33.1 விநாடி. அந்த நேரத்தைப் பார்த்து எழுதி, நீளத்தை மட்டும் தன்னுடையதாக மாற்றிக்கொண்டால் அவளுக்கு விடை 10.7 என்று வந்து நிற்கும். 9.8 வர வேண்டிய இடத்தில் 10.7-ஐப் பார்க்கும் ஆசிரியருக்கு யார் நோட்டு என்பதுகூடத் தெரிந்துவிடும்.

இயந்திரம் இந்த வலையில் சிக்காது. 74 என்று சொன்னால் சூத்திரத்தில் போட்டு 34.5 விநாடி என்று கணக்கிட்டு, அதைச் சுற்றி ஐந்து எண்களையும் அழகாகத் தூவிவிடும். விடை 9.79, ‘காற்றுத் தடையால் சிறு பிழை’ என்று ஒரு வரியும் சேரும். அங்கேதான் பூட்டு வேலை செய்கிறது.

உண்மையிலேயே கட்டிப் பார்த்தவள் பெரும்பாலும் நூலை மட்டும்தான் அளப்பாள். ஊசலின் நீளமோ பூட்டின் எடை மையம் வரைக்கும் போகிறது. அது முடிச்சுக்கு 4 செ.மீ. கீழே இருக்கிறது என்று வையுங்கள். அவளுக்கு 35.3, 35.6, 35.4, 35.5, 35.5 என்று நேரம் கிடைக்கும். விடை 9.3-தான் வரும். பாவம், தப்பாகிவிட்டதே என்று பயப்படுவாள். ஆசிரியருக்கோ இந்த 9.3-ஐப் போல நம்பகமான எண் வேறில்லை. காற்றுத் தடை இவ்வளவு பெரிய பிழையைத் தராது. பூட்டின் உயரம் தரும்.

கூடுதல் 30 செ.மீ. கேட்டது இதற்காகத்தான். இரண்டாம் முறை அவளுக்கு 41.7 விநாடி ஆகிறது. இரண்டு நீளங்களின் வித்தியாசத்தையும், அலைவு நேர வர்க்கங்களின் வித்தியாசத்தையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டிலும் பொதுவாக இருந்த அந்த 4 செ.மீ. கழிந்துபோகும். விடை 9.8-ஐ ஒட்டி வந்துவிடும். தனியாகப் போட்டால் 9.3, சேர்த்துப் போட்டால் 9.8. முதல் விடையிலேயே 9.8 எழுதியவர்களும் இருப்பார்கள். அவர்களைச் சந்தேகிக்க அவசரப்படக் கூடாது. பூட்டின் நடு வரை சரியாக அளந்த கெட்டிக்காரராக இருக்கலாம்.

விவரம் தெரிந்த ஒருவர் ‘4 செ.மீ. விடுபட்டதுபோல எண்களைத் தா’ என்று இயந்திரத்திடம் கேட்கவும் முடியும். தாளை வைத்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் திருத்தும்போதே ஆளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கி, மாணவரை மேஜைக்கு அழைத்து, தாளைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்க வேண்டும்: “பூட்டை எதுல கட்டித் தொங்கவிட்ட? ஆட ஆட அது சுத்த ஆரம்பிச்சிருக்குமே, என்னம்மா பண்ணின?”