வெள்ளை ஸ்டெம், பல ஸ்விட்ச்கள்: கீபோர்டு படத்தைப் படிக்கும் விதம்

பழைய மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று விற்பனைக்கு வருகிறது. விற்பவர் ஒரே ஒரு கீகேப்பை மட்டும் கழற்றிவிட்டு, மிக அருகில் வைத்துப் படம் பிடித்து அனுப்புகிறார். எழுத்துகள் அச்சான மூடிகளுக்கு நடுவே, மூடி இல்லாத இடத்தில், வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கூட்டல் குறி தெரிகிறது. "ஸ்விட்ச் எதுன்னு தெரியல, வெள்ளைக் கலர்ல இருக்கு" என்று கீழே ஒரு குறிப்பு. வாங்க நினைப்பவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. இந்தக் கீபோர்டு தட்டும்போது சத்தம் போடுமா? இதற்கு வேறு கீகேப் வாங்கினால் பொருந்துமா? படத்தைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தால் இரண்டுக்கும் பெரும்பாலும் அதிலேயே விடை இருக்கும்.

அந்தக் கூட்டல் குறிக்குப் பெயர் ஸ்டெம். விரல் அழுத்தும்போது கீழே இறங்கி மேலே வரும் பாகம் இதுதான். கீகேப் இதன் மேல்தான் செருகி நிற்கும். சுற்றியுள்ள பெட்டிக்கு ஹவுசிங் என்று பெயர். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும், மின் இணைப்பைத் தரும் மெல்லிய உலோக இதழும் இருக்கின்றன. ஸ்விட்ச்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிப்பார்கள். அழுத்தும்போது தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போவது லீனியர். பாதி வழியில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படுவது டாக்டைல். மேட்டோடு 'டிக்' என்ற சத்தமும் வருவது கிளிக்கி.

எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். அதற்குக் காரணம் உண்டு. 1980களில் செர்ரி நிறுவனம் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்ச்களில் சிவப்பும் கறுப்பும் லீனியர், பழுப்பு டாக்டைல், நீலம் கிளிக்கி. 2014 வாக்கில் அந்த வடிவமைப்பின் காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவத்தில் செய்யத் தொடங்கின. சிவப்பு, பழுப்பு, நீலம் மூன்றுக்கும் செர்ரி தந்த அர்த்தத்தையே பெரும்பாலும் அவையும் வைத்துக்கொண்டன. ஆகவே படத்தில் நீல ஸ்டெம் தெரிந்தால், கிளிக்கியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

வெள்ளையில்தான் சிக்கல். கைல் பாக்ஸ் ஒயிட் நன்றாகச் சத்தம் போடும் கிளிக்கி. செர்ரி எம்எக்ஸ் கிளியர் என்ற ஸ்விட்சின் ஸ்டெம்மும் வெள்ளையாகத்தான் தெரியும். அது சத்தமில்லாத, ஆனால் அழுத்தமான மேடுள்ள டாக்டைல். கேட்டரான் கிளியர் மிக லேசான லீனியர். ஒரே நிறம், மூன்று நடத்தைகள். இரவில் குழந்தை தூங்கும் அறையில் தட்டச்சு செய்பவருக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயமில்லை.

ஆகவே நிறத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு வடிவத்திலிருந்து தொடங்குவதே நல்லது. ஸ்டெம் வெறும் கூட்டல் குறியாக நிற்கிறதா, அல்லது அதைச் சுற்றி நாற்புறமும் ஒரு மெல்லிய சதுரச் சுவர் இருக்கிறதா? சதுரச் சுவருக்குள் கூட்டல் குறி இருந்தால் அது கைலின் பாக்ஸ் வகை, அல்லது அதைப் பார்த்துச் செய்தது. தூசியும் ஈரமும் உள்ளே போகாமல் தடுக்கச் செய்த அமைப்பு அது. வெள்ளை நிறமும் சதுரச் சுவரும் சேர்ந்து தெரிந்தால் விடை பெரும்பாலும் பாக்ஸ் ஒயிட், அதாவது கிளிக்கி. கூட்டல் குறியே இல்லாமல் நீள்சதுரமான பள்ளம் தெரிந்தால் அது ஆல்ப்ஸ் என்ற பழைய ஜப்பானிய வகையையோ அதன் வழிவந்த ஒன்றையோ சேர்ந்தது. இன்று கடையில் கிடைக்கும் சாதாரணக் கீகேப் எதுவும் அதில் உட்காராது.

அடுத்து ஹவுசிங்கின் மேல் விளிம்பைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் பெயரை அங்கே புடைப்பு எழுத்தில் பொறிக்கின்றன: CHERRY, GATERON, KAILH, OUTEMU. எழுத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் என்பதால், நேர் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் அது தெரியாமலே போய்விடும். பக்கவாட்டில் தாழ்வாக ஒரு டார்ச்சைப் பிடித்தால் எழுத்தின் நிழல் விழுந்து பெயர் எழும்பி வரும். விற்பவரிடம் இன்னொரு படம் கேட்பதாக இருந்தால் கேட்க வேண்டியது இதைத்தான். கூடவே, கீபோர்டின் வண்ண விளக்குகளை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். கண்ணாடி போன்ற ஹவுசிங் வழியே கசியும் விளக்கொளி ஸ்டெம்மின் நிறத்தையே மாற்றிக் காட்டும். வீட்டு மஞ்சள் பல்பின் கீழ் வெள்ளை ஸ்டெம் இளமஞ்சளாகத் தெரியும். கேட்டரானில் மஞ்சள் ஸ்டெம் என்றே தனியாக ஒரு லீனியர் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால் இந்தத் தொல்லை தீரும். தாளே மஞ்சளாகத் தெரிந்தால், ஸ்டெம்மின் மஞ்சளையும் நம்ப வேண்டியதில்லை.

பெயர் கிடைத்துவிட்டாலும் எப்போதும் வேலை முடிந்துவிடாது. வெறும் கூட்டல் குறி, CHERRY என்ற பெயர், வெள்ளை ஸ்டெம் மூன்றும் ஒன்றாக இருந்தால் அது எம்எக்ஸ் கிளியர் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே செர்ரி, எம்எக்ஸ் ஒயிட் என்ற கிளிக்கியையும் செய்திருக்கிறது. கிளியரின் ஸ்டெம் சற்றே ஒளி ஊடுருவும் வெண்மை, ஒயிட்டின் ஸ்டெம் பால் வெண்மை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். தனியாக ஒரு கைபேசிப் படத்தில் பிரிப்பது கடினம். செர்ரியின் கிளிக்கிகளில் ஸ்டெம் இரண்டு துண்டாக இருக்கும். சத்தம் அந்த இரண்டாவது துண்டிலிருந்துதான் வருகிறது. அது ஹவுசிங்குக்குள் மறைந்திருப்பதால் மேலிருந்து எடுத்த படத்தில் வராது. இங்கே படத்தை விட்டுவிட்டு, ஒரு விசையை மெதுவாக அழுத்தி விடும் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்வதுதான் வழி. ஒரு ஸ்விட்சின் ஸ்டெம்மை எடுத்து இன்னொன்றின் ஹவுசிங்கில் பொருத்தும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். ஹோலி பாண்டா என்ற புகழ்பெற்ற டாக்டைல் ஸ்விட்ச் அப்படித்தான் பிறந்தது. யாரோ கழற்றிப் பூட்டிய கீபோர்டு என்றால், வெளியே தெரியும் பெயரை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது.

இனி கீகேப். இதற்கு மேலிருந்து எடுத்த படத்தால் அரைப் பயன்தான். மேஜை மட்டத்தில், பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் வேண்டும். முதலில் வரிசைகளின் உயரத்தைப் பார்க்கலாம். எல்லா வரிசையும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் இருந்தால் அது டிஎஸ்ஏ அல்லது எக்ஸ்டிஏ போன்ற சீர் உயர வகை. டிஎஸ்ஏவின் மேற்பரப்பு சிறியது, குட்டையானது. எக்ஸ்டிஏவின் மேற்பரப்பு அகன்றது. வரிசைக்கு வரிசை உயரமும் சாய்வும் மாறி, நடுவில் பள்ளமாகத் தெரிந்தால் செர்ரி, ஓஇஎம், எஸ்ஏ மூன்றில் ஒன்றாக இருக்கலாம். கடைகளில் பெட்டியோடு வரும் கீபோர்டுகளில் பெரும்பாலும் இருப்பது ஓஇஎம். செர்ரி என்பது ஸ்விட்சுக்கும் கீகேப் வடிவத்துக்கும் பொதுவான பெயர் என்பதால் புதியவர்கள் தடுமாறுவார்கள். செர்ரி ஸ்விட்ச் உள்ள கீபோர்டில் செர்ரி வடிவக் கீகேப்தான் இருக்கும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

எஸ்ஏவைக் கண்டுபிடிப்பது எளிது. கோபுரம் போல உயரம்; உச்சியில் நாற்புறமிருந்தும் நடுவை நோக்கிக் குழியும் பள்ளம். செர்ரியிலும் ஓஇஎம்மிலும் பள்ளம் இடவலமாக மட்டுமே வளையும். ஜன்னல் வெளிச்சத்தைக் கவனித்தாலே போதும்: இந்த இரண்டிலும் அது மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோடாக மின்னும், எஸ்ஏவில் ஒரு புள்ளியாகவோ வட்டமாகவோ குவியும்.

செர்ரியையும் ஓஇஎம்மையும் பிரிப்பதுதான் கண்ணுக்குக் கடினம். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே உருவம். ஓஇஎம் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். எண் வரிசையிலிருந்து ஒரு கீகேப்பை எடுத்து, மேஜையில் வைத்து, பக்கவாட்டில் படமெடுக்க வேண்டும். சாதாரண எழுத்து அளவுக் கீகேப்பின் அடிப்பாகம் எந்த வகையானாலும் சுமார் 18 மி.மீ. அகலம் இருக்கும். படத்துக்குள்ளேயே அளவுகோல் கிடைத்துவிட்டது. எண் வரிசையில் செர்ரியின் உயரம் சுமார் 9.4 மி.மீ., ஓஇஎம் சுமார் 11.9, எஸ்ஏ சுமார் 16.5. உயரம் அடியகலத்தில் பாதியை ஒட்டி இருந்தால் செர்ரி, மூன்றில் இரண்டு பங்கு என்றால் ஓஇஎம், அகலத்தைத் தொட்டுவிடும் போல நின்றால் எஸ்ஏ.

விற்பவர் இரண்டாவதாக அனுப்பிய படத்தில் அடிப்பாகம் 360 பிக்சல், உயரம் 238 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 238ஐ 360ஆல் வகுத்து 18ஆல் பெருக்கினால் 11.9 மி.மீ. இது ஓஇஎம். கைபேசியை மிக அருகில் வைத்து எடுத்தால் முன்னால் இருக்கும் விளிம்பு பெருத்துத் தெரிந்து கணக்கு கெட்டுவிடும். இரண்டடி தள்ளி நின்று, ஜூம் செய்து எடுத்தால் அந்தப் பிழை வெகுவாகக் குறையும். எண் வரிசைக்குப் பதிலாக வேறு வரிசையின் கீகேப்பை அளந்தாலும் விடை தவறும். ஓஇஎம்மின் நடுவரிசை குட்டையானது, அளந்தால் செர்ரி போலவே தோன்றும்.

இதையெல்லாம் கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்டால், முதல் படத்துக்கே திரும்பிப் பார்க்கலாம். ஸ்டெம்முக்குப் பக்கத்தில், ஹவுசிங்கில் விளக்குக்காக ஒரு சின்னத் திறப்பு இருக்கும். அது திரை இருக்கும் பக்கம் நோக்கி இருந்தால் அந்த அமைப்பை வடக்கு நோக்கியது என்பார்கள். அப்படிப்பட்ட கீபோர்டில் செர்ரி வடிவக் கீகேப் போட்டால், A, S, D இருக்கும் நடுவரிசையில் கீகேப்பின் உட்புறம் பல ஸ்விட்ச்களின் ஹவுசிங்கில் முட்டும். விசை முழுதாக இறங்காது, அழுத்தும்போது மந்தமான ஒலி வரும். அதிக உயரமுள்ள ஓஇஎம்மில் இந்த முட்டல் இல்லை. பாக்ஸ் ஸ்டெம்முக்கும் ஒரு தனிக் கதை உண்டு. தொடக்க கால பாக்ஸ் ஸ்விட்ச்களின் கூட்டல் குறி சற்றுத் தடிமனாக இருந்ததால் சில கீகேப்களின் தண்டு விரிந்தது, சில விரிசல் கண்டன. 2018இல் கைல் அச்சுகளைத் திருத்தியது. ஆகவே வெள்ளை ஸ்டெம்மைச் சுற்றிச் சதுரச் சுவர் தெரிந்து, கீபோர்டு அதற்கு முந்தையது என்று விற்பவர் சொன்னால், விலை உயர்ந்த கீகேப் தொகுதியை வாங்கி அதில் அழுத்திப் பொருத்தும் முன், வேண்டாத பழைய கீகேப் ஒன்றைச் சில நாள் மாட்டிவைத்துப் பார்ப்பது நல்லது.